டியூ லிஸ்ட்டில் எந்தத் தேதி?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் டிவி ரிமோட் எனக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் பயனில்லை. அந்த நேரத்தில் நான் லேப்டாப்பைத் திறந்து அடுத்த வாரத்துக்கான டியூ லிஸ்ட் போட்டுக்கொண்டிருப்பேன். யார் யாருக்கு பாலிசி புதுப்பிக்க வேண்டும், யார் பிரீமியம் கட்டவேண்டும், எந்த நாளுக்குள் என்று ஒரே தாளில் வரவேண்டும். திங்கட்கிழமை காலை அந்தத் தாளோடு சித்தூரில் கிளம்பினால்தான் வாரம் ஓடும்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஒரு தனி ஏஜென்ட் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று மூன்று பக்கமும் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படி வைத்திருப்பதால் எனக்கு மூன்று இடத்திலிருந்து மூன்று விதமான பட்டியல் வரும். ஒன்றில் மாதம் மட்டும் இருக்கும், நாள் இருக்காது. இன்னொன்றில் நாள் இருக்கும், ஆனால் வண்டி நம்பரைத் தவிர ஆளைப் பற்றி ஒன்றும் இருக்காது. இவற்றைச் சேர்த்து "வாடிக்கையாளர் வாரியாக, தேதி வாரியாக" அடுக்கு என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க எளிதாக இருந்தது. எந்த வாடிக்கையாளர், எந்தத் தேதி என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

முதலில் வாடிக்கையாளர்.

பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கினால் ஒரு குடும்பம் ஒன்றாக வந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அது பாதிக்குத்தான் பலிக்கும். தெலுங்குக் குடும்பங்களில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வீட்டுப்பேர், அவர்கள் மொழியில் இண்ட்டிபேரு. அப்பா, பிள்ளை, பேரன் எல்லாருக்கும் அதே எழுத்து. அடுக்கினால் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். தமிழ்க் குடும்பங்களில் இனிஷியல் என்பது அப்பாவின் பெயர். தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு வேறொன்று, மனைவிக்கு மாற்றிக்கொண்டிருந்தால் கணவர் பெயரின் எழுத்து, மாற்றாவிட்டால் அவள் அப்பாவின் எழுத்து. ஒரே வீட்டு நான்கு பேர் பட்டியலின் நான்கு மூலையில் கிடப்பார்கள். சித்தூரில் ஒரே தெருவில் இரண்டு வகையும் உண்டு. இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு. சுப்ரமணியம் என்ற ஒரே பெயரை நான் நாலு விதமாகப் பதிந்து பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு ஒரே ஆளுடையது.

அதனால் பெயரை விட்டுவிட்டேன். பிரீமியம் யார் கையிலிருந்து வருகிறதோ அவருக்கு ஒரு குடும்ப எண். மாமியாரின் மருத்துவ பாலிசி, மருமகளின் ஆயுள் பாலிசி, பையனின் பைக் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுபவர் ஒருவரானால் எண்ணும் ஒன்று. C என்றால் சித்தூர் பக்கம், T என்றால் திருப்பதி, N என்றால் நகரி. C14, T06 இப்படி. 2022 ஏப்ரல் 4இல் மாவட்டத்தைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று, பக்கத்து நகரி சித்தூரிலேயே நின்றது. முகவரியில் மாவட்டத்தை வைத்து வடிகட்டிக்கொண்டிருந்த என் பழைய ஃபைல் அன்றைக்கே குழம்பிப்போனது. நான் வைத்த எழுத்து என் ஸ்கூட்டி போகும் ரோட்டுக்கானது, கலெக்டர் ஆபீஸுக்கானது இல்லை. அதனால் அது பிழைத்தது.

இனி தேதி. இதில்தான் விஷயமே இருக்கிறது.

எல்.ஐ.சி. டியூ லிஸ்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் DOC என்று ஒரு பத்தி, FUP என்று ஒரு பத்தி. DOC பாலிசி ஆரம்பித்த நாள். FUP இன்னும் கட்டாத முதல் தவணை. FUP பத்தியில் 07/2025 என்று மாதமும் வருஷமும்தான் இருக்கும். எந்த நாள் என்பதை DOC-இலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். DOC 28/07/2011, FUP 07/2025 என்றால் தவணை நாள் 2025 ஜூலை 28. இது புரியாமல் முதல் வருஷம் முழுக்க எல்லாரையும் மாதப் பிறப்பிலேயே போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கேம்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள்.

எக்செலில் ஒட்டும்போது இன்னொரு விளையாட்டு நடக்கும். 07/2025 என்று ஒட்டினால் அது தானாக 2025 ஜூலை 1 என்று எடுத்துக்கொள்ளும். திரையில் Jul-25 என்று காட்டும், உள்ளே ஒன்றாம் தேதி. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதையே பயன்படுத்திக்கொண்டேன். ஒன்றாம் தேதியோடு DOC-இன் நாளைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் தவணை நாள் வந்துவிடும். 31ஆம் தேதி ஆரம்பித்த பாலிசிக்கு 30 நாள் மாதத்தில் தவணை வந்தால் அடுத்த மாதத்துக்குத் தாவிவிடாமல் மாதக் கடைசியில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

முழுத் தேதிகள் உள்ள பத்திகளில் வேறு ஆபத்து. கணினி அமெரிக்க முறைத் தேதியில் இருந்தால் 03/08/2025 என்பதை மார்ச் 8 என்று படித்துக்கொள்ளும். 13/08/2025 என்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். பாதி தப்பான தேதி, பாதி வெறும் எழுத்து என்று கலந்து கிடக்கும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பத்தியின் ஓரத்தைப் பாருங்கள். நீங்கள் எதுவும் மாற்றாத வரை, தேதியாக எடுத்துக்கொண்டவை வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டவை இடது பக்கம். ஒரே பத்தியில் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றால் அந்த ஃபைலை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். வலது பக்கம் நிற்பவையும் அப்போது சரியில்லை.

தவணை நாள் கிடைத்ததும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதை வைத்து வரிசைப்படுத்தி ஓடிக்கொண்டிருந்தேன். ஓட்டம் மட்டும் ஏன் எப்போதும் தப்பான வீட்டில் முடிகிறது என்று புரிய நாளாயிற்று. தவணை நாள் என்பது வேறு, கெடு என்பது வேறு. ஒவ்வொரு வகை பாலிசிக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் வேறுவேறு.

ஆயுள் பாலிசியில் வருஷம், அரையாண்டு, காலாண்டு என்று கட்டுபவர்களுக்குத் தவணை நாளுக்குப் பிறகு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 15 நாள். அந்த நாட்களில் பாலிசி உயிரோடுதான் இருக்கும். ஆள் போய்விட்டால் கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு பணம் கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் பாலிசி காலாவதி. பிறகு வட்டி, ஆரோக்கிய அறிக்கை என்று வேறு கதை.

வண்டிக்கு சலுகைக் காலமே கிடையாது. நள்ளிரவு முடிந்தால் முடிந்தது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000, சிறையும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. அது சின்ன விஷயம். அந்த நேரத்தில் யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு முழுக்க வண்டிக்காரர் தலையில்.

மருத்துவ பாலிசி இரண்டுக்கும் நடுவில். வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை எதற்கு என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம், சேர்த்து வைத்த போனஸ் எல்லாம் அறுந்துபோகாமல் இருக்கத்தான் அந்த 30 நாள். வருஷத்துக்கு ஒரே தடவை கட்டுபவர் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிளெய்ம் கிடைக்காது. அதனால் என் தாளில் மருத்துவ பாலிசியின் கெடு, அது முடிகிற நாளேதான். சலுகை நாட்களை நான் கணக்கில் எழுதுவதே இல்லை. எழுதினால் என் கை தானாகத் தள்ளிப்போடும்.

ஆக, அடுக்க வேண்டியது கெடுவை வைத்து. ஆனால் வெறும் கெடுவை வைத்து அடுக்கினால் ஒரே குடும்பத்தின் மூன்று பாலிசி மூன்று இடத்தில் வரும். திங்கள் ஒன்று, சனி ஒன்று, அடுத்த புதன் ஒன்று என்று ஒரே வீட்டு வாசலில் மூன்று தடவை நிற்கவேண்டும். குடும்ப எண்ணை வைத்து முதலில் அடுக்கினால் C01 எப்போதும் மேலே இருக்கும், நாளைக்கே முடிகிற T40 இரண்டாம் பக்கத்தில் ஒளிந்துகொள்ளும். இரண்டும் வேண்டும். அதற்கு நடுவில் ஒரு பத்தி தேவை: இந்தக் குடும்பத்தின் எல்லா பாலிசிகளிலும் மிக முந்தைய கெடு எது?

```
F2: =MIN(E2+DAY(C2)-1, EOMONTH(E2,0))
G2: =F2+IF(D2="MLY",15,30)
H2: =MINIFS(G:G, A:A, A2)
```

A குடும்ப எண், B பாலிசி, C என்பது DOC, D கட்டும் முறை, E என்பது FUP. F தவணை நாள், G கெடு, H குடும்பத்தின் முதல் கெடு. F, G சூத்திரங்கள் ஆயுள் பாலிசிக்கு மட்டும். வண்டிக்கும் மருத்துவத்துக்கும் முடிகிற நாளை நானே G-இல் அடித்துவிடுவேன். பிறகு H, அதற்குள் A, அதற்குள் G என்று மூன்று படியாக வரிசைப்படுத்தினால் அவசரமான குடும்பம் மேலே வரும், அந்தக் குடும்பத்தின் எல்லா வரிகளும் கூடவே வரும். MINIFS பழைய எக்செலில் இருக்காது. 2019இலும் அதற்குப் பிந்தையதிலும் கூகுள் ஷீட்டிலும் இருக்கிறது.

ஒரு வாரத்தைப் பிரித்தே காட்டுகிறேன். 2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை தொடங்கிய வாரம். மூன்று குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எண்களை மாற்றியிருக்கிறேன்.

C14, பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பம். அவர் பேரில் வருஷத் தவணை, ஜூலை 28. மனைவி பேரில் காலாண்டுத் தவணை, ஆகஸ்ட் 10. வீட்டில் ஒரு பைக், சொந்த சேதத்துக்கான பாலிசி ஆகஸ்ட் 9 நள்ளிரவு முடிகிறது.

T06, திருப்பதியில் டாக்ஸி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். டாக்ஸி பாலிசி ஆகஸ்ட் 6 நள்ளிரவு முடிகிறது. குடும்பத்துக்கான மருத்துவ பாலிசி ஆகஸ்ட் 20. மனைவி பேரில் அரையாண்டுத் தவணை, ஆகஸ்ட் 15.

N03, நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர். ஒரே பாலிசி, மாதத் தவணை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும். ஜூலை 22 தவணை.

தவணை நாளை வைத்து அடுக்கியிருந்தால் முதலில் நகரி, அடுத்தது மாந்தோப்புக்காரரின் ஜூலை 28. இரண்டாவது வீட்டுக்கு திங்கட்கிழமையே ஓடியிருப்பேன். கெடுவைப் பாருங்கள். ஜூலை 28க்கு 30 நாள் கூட்டினால் ஆகஸ்ட் 27. அவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. அதே வீட்டுப் பைக்குக்கு சனிக்கிழமையோடு சரி. நகரிக்கு ஜூலை 22உடன் 15 நாள், அதாவது ஆகஸ்ட் 6. டாக்ஸிக்கும் அதே ஆகஸ்ட் 6. H பத்தியில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தேதி. இங்கேதான் A இரண்டாவது படியாக இருப்பது உதவுகிறது. இல்லாவிட்டால் டாக்ஸி வரிக்கும் அதே வீட்டு மருத்துவ வரிக்கும் நடுவில் நகரி வரி வந்து நுழைந்திருக்கலாம்.

N03-ஐ எப்படிப் பிடித்தேன் என்று கேட்கலாம். தானாகப் பணம் போகும் பாலிசிகளை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் இருந்தவள்தான். இப்போது ஒரே ஒரு பரிசோதனை: பணம் எடுக்கும் நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியும் FUP அடுத்த மாதத்துக்கு நகரவில்லை என்றால் வங்கியில் பணம் எடுபடவில்லை என்று அர்த்தம். அவர் கணக்கில் அன்றைக்கு முந்நூறு ரூபாய் குறைந்திருந்தது. அவருக்கே தெரியாது. போனில் சொன்னதும் "கட்டிட்டேனே மேடம், பேங்க்லயே போயிடுமே" என்றார். குறுஞ்செய்தி வந்திருந்தது, ஆயிரம் குறுஞ்செய்திகளுக்கு அடியில். திங்கட்கிழமை மத்தியானமே ஆன்லைனில் கட்டினார். நகரிக்கு நான் போகவே இல்லை.

டாக்ஸிக்காரர் விஷயம் அப்படி போனில் முடியாது. வண்டி திருமலை மலைப்பாதையில் ஏறி இறங்குவது, பேப்பர் ஒருநாள் இல்லாவிட்டாலும் பிழைப்பு நிற்கும். செவ்வாய்க்கிழமை காலை புதலப்பட்டு, சந்திரகிரி வழியாக பஸ்ஸில் எழுபது கிலோமீட்டர். "நாளைக்கு ராத்திரி வரைக்கும் டைம் இருக்குல்ல அக்கா, நாளைக்கு சாயங்காலம் கேஷா தர்றேன்" என்றார். அதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் இருக்கிறது.

ஆறேழு வருஷம் முன்னால் ஒருவர் இப்படித்தான் கடைசி நாள் சாயங்காலம் ஆறரைக்கு ரொக்கம் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து போர்ட்டலில் ஏற்றலாம் என்று பார்த்தால் நெட் இல்லை. காலை பத்து மணிக்குத்தான் கட்டினேன். இன்சூரன்ஸ் சட்டத்தின் 64VB பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிரீமியம் நிறுவனத்துக்கு முன்னதாக வந்து சேர்ந்தால்தான் பொறுப்பு தொடங்கும். ஏஜென்ட் வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான் 24 மணி நேரத்துக்குள் கட்டிவிட்டேன், அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் நள்ளிரவிலிருந்து காலை பத்து வரை அந்த வண்டிக்கு பாலிசி இல்லை. அவர் அன்றைக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு சவாரி போயிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றில் புளி கரைக்கும். இப்போது ரொக்கம் கிடையாது. நிறுவனத்தின் லிங்க், அவர் போனிலிருந்து, என் கண் முன்னால்.

அவர் முனகிக்கொண்டே கட்டினார். உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த வரி, மருத்துவ பாலிசி. "அதுக்கு இருபதாம் தேதிக்கு மேல இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு போட்டிருக்கே." இடைவெளியில் சேர்ந்தால் கிளெய்ம் இல்லை என்று சொன்னேன். அவர் அம்மாவுக்கு முழங்கால் சிகிச்சைக்கு வேலூருக்கு அழைத்துப்போக யோசித்துக்கொண்டிருந்தார்கள். "அப்போ இருபதுக்குள்ளயே கட்டிடலாம்" என்று அவர் மனைவிதான் சொன்னார். வேறு கம்பெனிக்கு மாறலாமா என்றும் கேட்டார்கள். அதற்கு நேரம் போய்விட்டது. மாற விரும்பினால் பாலிசி முடிய 45 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதாவது ஜூலை முதல் வாரத்திலேயே. அது என் தப்பு. அந்த வீட்டை ஜூனில் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மருத்துவ பாலிசி ஒவ்வொன்றுக்கும் என் ஃபைலில் இரண்டு வரி வைத்திருக்கிறேன். முடிகிற நாளில் ஒன்று, 60 நாள் முன்னால் "திருப்தியா, மாறணுமா?" என்று கேட்க ஒன்று.

இனி மாந்தோப்பு. பைக்கின் கெடு சனிக்கிழமை. சனிக்கிழமை போகலாமே என்றால், அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 8 வரலட்சுமி விரதம். சும்மா வெள்ளிக்கிழமையிலேயே பலர் வீட்டிலிருந்து பணம் வெளியே கொடுக்க யோசிப்பார்கள். வரலட்சுமி விரதத்தன்று லட்சுமியைக் கலசத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு நான் போய் வாசலில் பிரீமியம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? மறுநாள் கலசம் எடுக்கிற வேலை. ஆக, எனக்கு வியாழக்கிழமைதான் கடைசி. எக்செலுக்கு இதெல்லாம் தெரியாது. G பத்தியில் 9 என்று இருந்ததை பேனாவால் 7 என்று திருத்தி எழுதிக்கொண்டேன். (இன்னொரு வேடிக்கை. அதே வாரம் தமிழ் வீடுகளில் ஆடி மாதம், புது பாலிசி பேச்சே எடுக்கக்கூடாது. தெலுங்கு வீடுகளில் சிராவண மாதம், நல்ல காரியத்துக்கு ஏற்ற மாதம். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் நான் வேறு வேறு பேச்சு பேசுவேன்.)

வியாழக்கிழமை போனபோது அவர் பைக்கின் ஆர்.சி. உறையிலிருந்து பாலிசித் தாளை எடுத்துக் காட்டினார். "2027 வரைக்கும் இருக்கேம்மா. நீங்க எதுக்கு வருஷா வருஷம் வர்றீங்க?" தெலுங்கில்தான் கேட்டார், குரலில் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. தாளில் 2027 ஆகஸ்ட் 9 என்று இருப்பது உண்மை. 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக் வாங்கினால் மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும், புது காருக்கு மூன்று வருஷம். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வந்தது. இவர் 2022 ஆகஸ்டில் வாங்கியவர், அதனால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு 2027 வரை கவலையில்லை. ஆனால் சொந்த வண்டிக்கு சேதம், திருட்டு என்றால் அதற்கான பகுதி வருஷா வருஷம் முடியும். ஒரே வண்டிக்கு இரண்டு தேதி. தாளில் பெரிதாகத் தெரிவது தூரத்துத் தேதி.

அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் நானே 2027 மாதிரித் தேதியை மட்டும் நோட்டில் எழுதி ஏமாந்திருக்கிறேன். ஒரு கல்லூரிப் பையனின் பைக் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பின்னால் திருடுபோனபோதுதான் தெரிந்தது, சொந்த சேதப் பகுதி ஏழு மாதம் முன்பே முடிந்துவிட்டது. என் பட்டியலில் அந்த வண்டிக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அவன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. இப்போது ஒரு வண்டிக்கு ஃபைலில் இரண்டு வரி, இரண்டு கெடு.

விட்டால் இன்னும் ஒரு நஷ்டம் உண்டு என்று மாந்தோப்புக்காரருக்குச் சொன்னேன். கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கான தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50 வரை போகும். முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். அவருக்கு மூன்று வருஷம் கிளெய்ம் இல்லை, 35 சதவீதம் காத்திருந்தது. 90 நாளுக்குள் வந்தாலும் வண்டியைக் காட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். இதைக் கேட்டதும் கட்டிவிட்டார்.

அடுத்து அவருடைய ஜூலை 28 தவணை. இதில் அவசரப்படுத்தவில்லை. தோதாபுரி மாங்காய் போட்டவர்களுக்கு 2025 எப்படிப்பட்ட வருஷம் என்று சித்தூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாய் கூழ்த் தொழிற்சாலை தரவேண்டும், 4 ரூபாய் அரசு தரவேண்டும். காய் ஏற்றி அனுப்பியாயிற்று, பணம் வர நாளாயிற்று. தோப்புக்காரர்களின் பாலிசியை மாங்காய்ப் பணம் வரும் ஜூலைக்கு வருகிற மாதிரி ஆரம்பிப்பது எங்கள் பக்கத்து ஏஜென்ட்களின் பழைய கணக்கு. நல்ல கணக்குதான், பணம் ஜூலையில் வந்தால். "ஆகஸ்ட் 27 வரைக்கும் பாலிசிக்கு ஒண்ணும் ஆகாது, வட்டியும் கிடையாது" என்று சொல்லி தேதியை காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். "ரேப்பு சூத்தாம்" என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம், எந்த நாளை என்று கேட்கக்கூடாது.

இந்தத் தாளைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

FUP ரொம்பப் பழையதாக இருக்கும் வரிகள். காலாண்டு பாலிசி, FUP 04/2025 என்று ஆகஸ்டில் வந்தால் ஏப்ரல், ஜூலை இரண்டு தவணை பாக்கி. ஏப்ரலின் சலுகைக் காலம் மே மாதமே தீர்ந்துபோயிற்று. அது புதுப்பிப்பு இல்லை, காலாவதியானதை உயிர்ப்பிக்கிற வேலை. ஆனால் டியூ லிஸ்ட்டில் மற்ற வரிகளோடு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். என் சூத்திரத்தில் அதன் கெடு கடந்துபோன தேதியாக வந்து, அந்தக் குடும்பத்தையே வாராவாரம் தலைப்பில் தூக்கி வைக்கும். நாலு வாரம் பார்த்தால் கண் மரத்துப்போய் மேல் ஐந்து வரியைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் வந்துவிடும். அதனால் அவற்றை வெட்டி வேறு ஷீட்டில் போடுகிறேன், அதற்கு மாதத்தில் ஒருநாள்.

அடுத்தது தொகை. கட்டவேண்டிய தொகையை நான் போன வருஷ ரசீதிலிருந்து எடுத்து வாட்ஸ்அப் செய்தியில் போட்டுவந்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது. அதுவரை மருத்துவத்துக்கு 18 சதவீதம், எண்டோமென்ட் மாதிரி ஆயுள் பாலிசியின் இரண்டாம் வருஷத்திலிருந்து 2.25 சதவீதம். 20,000 ரூபாய் தவணைக்கு 450 ரூபாய் வரி. அக்டோபரில் ஒரு டீச்சரம்மாவுக்கு நான் பழைய தொகையை அனுப்ப, அவர் ஆன்லைனில் பார்த்துவிட்டு "ஏன் குறைச்சலா காட்டுது, நீங்க கூட சொல்றீங்க?" என்று கேட்டார். 450 ரூபாய்க்கு மானம் போன நாள். வண்டிக் காப்பீட்டுக்கு வரி தொடர்கிறது, அதனால் அந்தப் பத்தியை முழுக்க அழிக்கவும் முடியாது. தொகையை மட்டும் பழைய ரசீதிலிருந்து எடுக்காமல் போர்ட்டலிலிருந்து அன்றைக்கு எடுக்கிறேன்.

லிஸ்ட்டையும் ஞாயிறு ராத்திரிதான் இறக்குவேன், சனிக்கிழமை இறக்குவதில்லை. சனி, ஞாயிறில் பிள்ளைகள் ஊருக்கு வந்து அம்மா அப்பாவின் பிரீமியத்தை போனிலேயே கட்டிவிட்டுப் போவார்கள். கட்டி முடித்தவரிடம் போய்க் கட்டச் சொல்லிக் கேட்பதைப் போல அவமானம் அவருக்கும் எனக்கும் வேறில்லை. அச்செடுக்கும் தாளில் பாலிசி எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும். போன் நம்பர் கிடையாது. ஒருதரம் டீக்கடை பெஞ்சில் தாளை மறந்துவிட்டு வந்து அரை மணி நேரம் கழித்து ஓடினேன். பெயர், பாலிசி எண், தொகை, போன் எல்லாம் உள்ள தாள் ஒன்று போதும், "உங்க பாலிசி லேப்ஸ் ஆயிடுச்சு, இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று எவனாவது கூப்பிடுவதற்கு.

அந்த வியாழக்கிழமை கிளம்பும்போது மாந்தோப்புக்காரரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, தன் காலாண்டுத் தவணையைக் கேட்டார். அவர் பால் ஊற்றும் பணத்தில் தானே கட்டுகிறவர். பத்தாம் தேதி தவணை, கெடு செப்டம்பர் 9. பால் பணம் பதினைந்து நாளுக்கு ஒருதரம் வரும், அடுத்தது வந்ததும் கட்டுகிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணம் கட்டுபவர் யாரோ அவருக்குத்தான் குடும்ப எண் என்று நானே விதி வைத்துக்கொண்டு, இந்த அம்மாவை அவர் புருஷனின் எண்ணில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவருக்குத் தனியாக C31 கொடுத்தேன். வரிசைப்படுத்தியதும் அவர் வரி கீழே இறங்கி, ஆகஸ்ட் 27க்கு அடியில், தன் இடத்தில் போய் நின்றது.